பக்கத்துக் கடைக்குப் போக வேண்டிய செய்தி

நம் ஊர்க் கடைவீதிகளில் ஒரே சாமி பெயரில் நாலைந்து கடைகள் இருக்கும். முருகன் பெயரில் ஒரு அச்சகம், அதே பெயரில் ஒரு ஹார்டுவேர் கடை, இன்னொரு மாவு மில். வாடிக்கையாளரின் போனிலும் இவை ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் பதிவாகியிருக்கும். அவசரத்தில் விரல் ஒரு வரி மேலே பட்டால் போதும், அச்சகத்துக்குப் போக வேண்டிய வாட்ஸ்ஆப் செய்தி ஹார்டுவேர் கடைக்கு வந்து நிற்கும்.

அப்படி வந்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். பெண்ணின் தாய்மாமன் அனுப்பியது. "அண்ணே, பத்திரிகைல முகூர்த்தம் 7.30–9.00னு இருக்கு. திங்கட்கிழமை அது ராகு காலம். 6.00–7.30னு மாத்திட்டு இன்னைக்கே பிரிண்ட் போட்டுடுங்க." கூடவே பத்திரிகை மாதிரியின் படம்.

ஹார்டுவேர் கடையில் இதை யாரோ திறந்து பார்க்கிறார்கள். நமக்கில்லை என்று தெரிந்ததும் போனை மேசையில் வைத்துவிட்டு, சிமென்ட் மூட்டை எண்ணப் போய்விடுகிறார்கள். தப்பு செய்த எண்ணமே அவர்களுக்கு இருக்காது. ஆனால் அந்தப் பக்கம், தாய்மாமனின் போனில் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. அவர் பார்வையில் வேலை முடிந்தது. அச்சகக்காரருக்கோ ஒன்றுமே வரவில்லை. முதலில் ஒப்புக்கொண்டபடி மாலையில் அச்சுக்கு ஏற்றுகிறார். ராகு காலத்தில் முகூர்த்தம் போட்ட ஐந்நூறு பத்திரிகைகள் மறுநாள் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்து இறங்கும்.

தவறிப்போன போன் அழைப்புக்கும் தவறிப்போன செய்திக்கும் உள்ள வேறுபாடு இதுதான். போனில் "ராங் நம்பர்" என்று சொன்ன நொடியே இருவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். செய்தியில் அனுப்பியவருக்கு எதுவுமே தெரியாது. அது போய்ச் சேர்ந்ததாக அவருடைய போனே அவருக்கு அடையாளம் காட்டுகிறது. உண்மை தெரிந்த ஒரே ஆள், அதைத் தவறாகப் பெற்ற நாம்தான். அதனால்தான் பதில் போட வேண்டும் என்கிறேன். மரியாதைக்காக மட்டும் என்று இதை நினைத்தால், கூட்டம் இருக்கும் நேரத்தில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தோன்றிவிடும்.

பதில் எழுதுவதற்கு முன் ஒரே ஒரு சரிபார்ப்பு. அது நிஜமாகவே நம்முடையதில்லையா? கடைப் போன் ஒன்று, அதை எடுப்பவர்கள் மூன்று பேர் என்று இருக்கும் இடங்களில் இது முக்கியம். அப்பா நேற்று வாய்மொழியாக வாங்கிய ஆர்டராக இருக்கலாம். வேறு எண்ணிலிருந்து பேசும் பழைய வாடிக்கையாளராக இருக்கலாம். ஆர்டர் நோட்டையும் கடையில் இருப்பவர்களையும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். நம் வாடிக்கையாளரிடமே "இது எங்களுக்கு இல்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டால் அதைத் திருத்துவது கடினம். கல்யாணப் பத்திரிகை ஹார்டுவேர் கடைக்கு வந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரே தொழிலில், ஒரே பெயரில் இரண்டு கடைகள் இருக்கும்போது நிஜமாகவே குழப்பம் வரும்.

இனி பதில். பலரும் எழுதுவது இரண்டே சொல்: "ராங் நம்பர்". இது போதாது. தாய்மாமன் அன்று காலையில் பந்தல்காரர், சமையல்காரர், மண்டபம், அச்சகம் என்று பத்துப் பேருக்குச் செய்தி அனுப்பியிருப்பார். எது தவறிப்போனது, யாருக்குப் போயிருக்கிறது என்று அவர் தேட வேண்டும். மாலையில்தான் போனைப் பார்க்கிறார் என்றால், "யாரோ என்னவோ அனுப்பியிருக்கிறார்கள்" என்று தள்ளிவிடவும் கூடும்.

இப்படி எழுதலாம்:

"வணக்கம்ங்க. காலை 10.40க்கு நீங்க அனுப்பின பத்திரிகைத் திருத்தம் எங்க நம்பருக்கு வந்திருக்கு. நாங்க அச்சகம் இல்லைங்க, கடைவீதில இருக்கற ஹார்டுவேர் கடை. உங்க அச்சகத்துக்கு இந்தத் திருத்தம் இன்னும் போகலை. அவங்களுக்கு உடனே போன் பண்ணிச் சொல்லிடுங்க. நாங்க இதை யாருக்கும் அனுப்பலை. நீங்க பார்த்துட்டதா ஒரு வார்த்தை சொன்னா அழிச்சிடுறோம்."

இதில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி, "உங்க அச்சகத்துக்கு இந்தத் திருத்தம் இன்னும் போகலை" என்பது. "எங்களுக்கு வந்துவிட்டது" என்று மட்டும் எழுதினால், அது நமக்கும் வந்திருக்கிறது, அவர்களுக்கும் போயிருக்கிறது என்று அனுப்பியவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. இழப்பு உண்டாவது அந்த இடைவெளியில்தான். வேலை நடக்கவில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னால்தான் அவர் எழுந்து போனை எடுப்பார்.

நேரத்தையும் பொருளையும் குறிப்பிட்டோம், ஆனால் முகூர்த்த நேரத்தைத் திரும்ப எழுதவில்லை. அடையாளம் தெரியும் அளவுக்குச் சொன்னால் போதும். செய்தியில் வங்கிக் கணக்கு எண்ணோ, ஆதார் நகலோ, மருத்துவ அறிக்கையோ இருந்தால் இது இன்னும் முக்கியம். அதே விவரங்களைத் திரும்ப எழுதி அனுப்பினால், இருக்கக் கூடாத இடத்தில் இன்னொரு பிரதி உருவாகும். வாட்ஸ்ஆப்பில் அந்தச் செய்தியையே அழுத்திப் பிடித்து, அதற்குப் பதிலாக எழுதும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் எந்தச் செய்தி என்ற கேள்வியே எழாது. ஆனால் பின்னால் அவர் மூலச் செய்தியை அழித்தாலும், நம் பதிலின் மேல் அதன் ஒரு துணுக்கு நின்றுவிடலாம். கல்யாணத் தேதிக்கு அது பரவாயில்லை. கணக்கு எண்ணுக்கு வேண்டாம், அங்கே நேரத்தை எழுதுவதே நல்லது.

நம்மில் பலருக்கு இந்த இடத்தில் ஒரு நல்ல மனது எழும். "அந்த அச்சகத்தை எனக்குத் தெரியுமே, நானே அனுப்பிவிடுகிறேன்." இதைச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முருகன் பெயரில் இரண்டு அச்சகங்கள் இருந்தால் எதற்கு அனுப்புவீர்கள்? சரியான அச்சகத்துக்கே அனுப்பினாலும், முன்பின் தெரியாத எண்ணிலிருந்து ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் முகூர்த்த நேரத்தை மாற்றச் சொன்னால் அவர் மாற்றுவாரா? மாற்றலாமா? அதைவிட, "நான் சொல்லிவிடுகிறேன்" என்று ஒப்புக்கொண்ட நொடியில் அந்தப் பொறுப்பு உங்கள் தலைக்கு வந்துவிடுகிறது. தாய்மாமன் நிம்மதியாகப் படுத்துவிடுவார். அச்சகக்காரர் போனை எடுக்காவிட்டால் இப்போது தவிக்க வேண்டியவர் நீங்கள். அவருக்கு அச்சகத்தின் எண் கிடைக்கவில்லை என்றால், பெயர்ப் பலகையில் ஊரறிய எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லலாம். "இதுதானா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்" என்ற சொல்லோடு. அச்சகக்காரரின் சொந்த எண் நம்மிடம் இருந்தாலும், அதை அவரைக் கேட்காமல் தரக் கூடாது.

செய்தியை எழுதியும் டிக் நீலமாகவில்லை, விஷயமோ இன்றைக்கே நடக்க வேண்டியது என்றால், அந்த எண்ணுக்கு ஒரு முறை போன் செய்துவிடலாம். அரை நிமிடப் பேச்சு.

அழிப்பது எப்போது என்பதிலும் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் பதில், அவர் பார்த்ததும் அழிப்பு. நாம் முந்திக்கொண்டு அழித்துவிட்டால், "நான் என்ன அனுப்பினேன், படம் தெளிவாக இருந்ததா" என்று அவர் கேட்கும்போது சொல்ல எதுவும் இருக்காது. வாட்ஸ்ஆப்பில் அனுப்பியவரே எல்லாருடைய போனிலிருந்தும் செய்தியை அழிக்க முடியும், ஆனால் அதற்குச் சுமார் இரண்டரை நாள்தான் அவகாசம். நாம் அன்றே சொன்னால் அவர் கையாலேயே அழிக்கலாம். நம் பக்கம் அழிக்கும்போது உரையாடலை மட்டும் அழித்தால் போதாது. படங்கள் தானாகச் சேமிக்கப்படும்படி போன் இருந்தால் கேலரியில் ஒரு பிரதி கிடக்கும், அங்கிருந்து இணையச் சேமிப்புக்கும் போயிருக்கலாம்.

இனி, வந்தது உண்மையான தவறுதானா என்ற கேள்வி. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் தெரியாத எண்ணிலிருந்து கோப்பு அனுப்பி, திறந்தவரின் போனைக் கைப்பற்றும் மோசடி இந்தியாவில் பரவலாக நடந்திருக்கிறது. பல மாநிலக் காவல்துறைகள் எச்சரித்திருக்கின்றன. கோப்பின் பெயர் `.apk` என்று முடிந்தால் அது பத்திரிகை அல்ல, போனில் நிறுவப்படும் செயலி. பத்திரிகை மாதிரி என்றால் படமாகவோ `.pdf` கோப்பாகவோதான் வரும், அதையும் தெரியாதவரிடமிருந்து வந்தால் திறக்க வேண்டிய அவசியமில்லை. பதில் எழுதுவதற்கு இணைப்பைத் திறக்கத் தேவையே இல்லை. செய்தியின் வாசகத்திலேயே அது யாருக்கு என்பது தெரிந்துவிடும். வாசகமே இல்லாமல் கோப்பு மட்டும் வந்தால், அதற்குப் பதில் போடாமல் இருப்பதே சரி.

மோசடியை இன்னொரு விதத்திலும் கண்டுகொள்ளலாம். நிஜமாகத் தவறி அனுப்பியவர் பதிலைப் பார்த்ததும் "ஐயோ, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போவார், ஏனென்றால் அவருக்கு அவசரம். ஏமாற்ற வந்தவருக்கு நம்மோடுதான் வேலை. "பரவாயில்லை, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள்" என்று பேச்சை வளர்ப்பார். அல்லது உங்கள் எண்ணுக்கு ஓடிபி வந்துவிட்டது, சொல்லுங்கள் என்பார். ஒரு முறை பதில் சொல்லியாகிவிட்டது, அதற்கு மேல் நமக்குக் கடமை இல்லை. "அட்வான்ஸ் ரெண்டாயிரம் உங்க கணக்குக்கு வந்திருச்சு, திருப்பிப் போடுங்க" என்று கேட்டால், அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டையோ எஸ்எம்எஸ்ஸையோ நம்பக் கூடாது. வங்கிச் செயலியைத் திறந்து கணக்கில் வரவு இருக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும். பணம் உண்மையாகவே வந்திருந்தால் அது நம்முடையதல்ல. தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் அவர் சொல்லும் புதிய எண்ணுக்கு அனுப்பாமல், வங்கி மூலமாகத் திருப்புவதே பாதுகாப்பு. பணம் பறிபோய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது வேறு தொழில் செய்பவருக்கு வந்த செய்தி. நம் தொழிலையே செய்யும் இன்னொருவருக்கான ஆர்டர் நமக்கு வந்தால்? இங்கேதான் சபலம் நுழைகிறது. சரக்கு நம்மிடமும் இருக்கிறது, விலையும் ஏறக்குறைய அதேதான், பேசாமல் அனுப்பிவிட்டால் என்ன?

இங்கிலாந்தில் 1857இல் இதே கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. பிராக்கிள்ஹர்ஸ்ட் என்பவர் தோல் குழாய் வியாபாரி. அவருடைய மேலாளராக இருந்த போல்ட்டன், ஒரு நாள் கடையை அவரிடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டார். அதே நாளில் ஜோன்ஸ் என்ற வாடிக்கையாளரிடமிருந்து, பிராக்கிள்ஹர்ஸ்ட் பெயருக்கு எழுதிய ஆர்டர் ஒன்று வந்தது: ஐம்பதடி நீளத் தோல் குழாய்கள் வேண்டும். போல்ட்டன் கடை கைமாறியதைச் சொல்லாமல் சரக்கை அனுப்பினார். பிறகு தன் பெயரில் பில் போனதும், ஜோன்ஸ் பணம் தர மறுத்தார். பிராக்கிள்ஹர்ஸ்ட் அவருக்குப் பணம் தர வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்றுதான் அங்கே ஆர்டர் கொடுத்தார். அதற்குள் குழாயையும் பயன்படுத்திவிட்டார். நீதிமன்றம் ஜோன்ஸ் பக்கம் நின்றது. பிராக்கிள்ஹர்ஸ்டுக்கு எழுதிய ஆர்டரை போல்ட்டன் ஏற்க முடியாது, அதனால் இருவருக்கும் இடையே ஒப்பந்தமே உண்டாகவில்லை என்றது. சரக்கும் போனது, பணமும் வரவில்லை. இந்தியாவிலும் சட்ட மாணவர்கள் இந்த வழக்கைப் படித்துத்தான் வருகிறார்கள்.

வாங்குபவர் ஒரு கடையைத் தேர்ந்தெடுப்பதற்கு நமக்குத் தெரியாத காரணம் இருக்கும் என்பதுதான் இதில் நான் முக்கியமாகப் பார்ப்பது. பழைய பாக்கி, கடன் வசதி, தரம், உறவு என்று எதுவாகவும் இருக்கலாம். ஆர்டரில் அது எழுதியிருக்காது. அந்த வியாபாரம் நமக்கு வேண்டும் என்றால் அதையும் வெளிப்படையாகக் கேட்கலாம். "இந்த ஆர்டர் இன்னாருக்கு எழுதப்பட்டு எங்களுக்கு வந்திருக்கிறது. அவர்களுக்கு இது போகவில்லை. நாங்கள் வேறு நிறுவனம்" என்று முதலில் சொல்லி, அவர் தன் வேலையை முடித்த பிறகு, வேறொரு நாளில், "நாங்களும் இதே சரக்கு செய்கிறோம்" என்று தனியாக எழுதலாம். ஒரே பதிலில் இரண்டையும் சேர்த்தால் முதல் வரியின் நம்பகம் கெட்டுவிடும். அந்த ஆர்டரில் போட்டியாளரின் விலை இருந்தால், அதைப் பார்த்துவிட்டு அதற்குக் கீழே ஒரு விலை சொல்வது நியாயமே அல்ல.

போல்ட்டன் சரக்கை அனுப்பிச் சிக்கினார். நாம் ஒரே ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிச் சிக்கலாம். கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் தானியம் வாங்கும் நிறுவனம் ஒன்று, ஆளிவிதை ஒப்பந்தத்தைப் படம்பிடித்து ஒரு விவசாயிக்குச் செய்தியாக அனுப்பி, உறுதி செய்யுங்கள் என்று கேட்டது. அவர் கட்டைவிரலை உயர்த்திய படத்தைப் பதிலாகப் போட்டார். ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது என்று சொல்லவே அதைப் போட்டதாக அவர் பின்னால் வாதாடினார். 2023இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தப் படமே கையெழுத்துக்குச் சமம் என்று சொல்லி, 82,000 கனடா டாலருக்கு மேல் கொடுக்க உத்தரவிட்டது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. அது சரியான ஆளுக்குப் போன செய்திதான், அவர்களுக்குள் பழைய கொடுக்கல் வாங்கலும் இருந்தது. ஆனாலும் நமக்கான பாடம் அதில் இருக்கிறது. இந்தியாவிலும் மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லிவிட முடியாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு அப்படித்தான் இருக்கிறது. ஆகவே தவறி வந்த ஆர்டருக்கு "ஓகே", "சரிங்க", "பார்த்துட்டேன்" என்ற பதில்கள் வேண்டவே வேண்டாம். கடைப் பையன் பழக்கதோஷத்தில் ஒரு கட்டைவிரலைத் தட்டிவிட்டால், அந்தப் பக்கம் வேலை தொடங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

மின்னஞ்சலில் இதே தவறு வேறு வழியில் நடக்கிறது. முகவரியின் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியதும் பழைய முகவரியை நிரலே நிரப்பிவிடும். அல்லது கடைசியில் `.in` போட வேண்டிய இடத்தில் `.com` போட்டிருப்பார்கள். ஜிமெயிலில் இன்னொரு காரணமும் உண்டு. பெயர்ப் பகுதியில் வரும் புள்ளிகளை ஜிமெயில் கணக்கில் எடுப்பதில்லை. புள்ளி வைத்து எழுதினாலும் வைக்காமல் எழுதினாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குத்தான் வரும். புள்ளி வைத்த முகவரி தங்களுடையது என்று இன்னொரு நிறுவனத்தார் தவறாக நினைத்து விசிட்டிங் கார்டிலேயே அச்சடித்திருந்தால், அவர்களுக்கான கடிதங்கள் நமக்கு வந்துகொண்டே இருக்கும். இந்தக் காரணத்தையும் பதிலில் ஒரு வரி சொல்லிவிட்டால், அடுத்த கடிதம் நிற்கும்.

மின்னஞ்சல் பதிலில் கவனிக்க வேண்டியது, அனுப்பியவர் ஒருவருக்கு மட்டுமே எழுதுவது. எல்லாருக்கும் பதில் அனுப்பும் பொத்தானை அழுத்தினால், அவருடைய மேலதிகாரியும் வாடிக்கையாளரும் பார்க்கும்படி அவர் தவற்றை நாம் அறிவித்ததாகிவிடும். கீழே தொங்கும் பழைய கடிதத்தையும் இணைப்புகளையும் பதிலிலிருந்து நீக்கிவிட வேண்டும். எப்போது வந்தது, யார் திறந்தார்கள், யாருக்கும் அனுப்பவில்லை என்ற மூன்றையும் உண்மையாகச் சொல்ல வேண்டும். இணைப்பைத் திறந்திருந்தால் திறந்தோம் என்றே எழுத வேண்டும். அனுப்பியவருக்கு இது ஆவணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் தனிநபர் விவரங்கள் கசிந்தது தெரிந்தால், பாதிப்புக்கு வாய்ப்பே இல்லாத சிலவற்றைத் தவிர, 72 மணி நேரத்துக்குள் ஒழுங்காற்று அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். திருப்பூருக்கும் கரூருக்கும் கடிதம் அனுப்பும் அங்குள்ள கொள்முதல்காரர்களுக்கு இந்தக் கெடு பொருந்தும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற அவர்கள் கேள்விக்கு விடை நம் நாலு வரிப் பதிலில்தான் இருக்கிறது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிற கடைகளில்கூட ஒரு ஓட்டை இருக்கிறது. அது வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியின் தானியங்கி வரவேற்பு. முதன்முறையாக எழுதுகிறவருக்கும், 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மீண்டும் எழுதுகிறவருக்கும் அது தானாகப் போகும். பல கடைகளில் அதில் எழுதி வைத்திருப்பது: "உங்கள் ஆர்டருக்கு நன்றி. விரைவில் முடித்துத் தருகிறோம்." தவறி எழுதுகிறவர் பெரும்பாலும் முதன்முறை எழுதுகிறவர்தான். நாம் செய்தியைப் பார்ப்பதற்கு முன்பே நம் போன் அவரிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறது. முகூர்த்தத்தைத் திருத்தச் சொன்ன தாய்மாமனுக்கு அந்த வரி போனால், அதன் பிறகு அவர் அச்சகத்துக்குப் போன் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. செயலியின் வணிகக் கருவிகள் பகுதியில் அந்த வாசகத்தை மாற்ற இரண்டு நிமிடம் போதும். கடையின் பெயர், தொழில், தெரு மூன்றும் அதில் இருக்கட்டும்: "வணக்கம். இது கடைவீதி ஹார்டுவேர் கடை. சிமென்ட், பெயின்ட், பைப் விற்கிறோம். உங்கள் செய்தியை இன்னும் பார்க்கவில்லை. பார்த்ததும் நாங்களே எழுதுகிறோம்."